சுவர்ப் பக்கம் நடந்த நாய்

நான் சிறுவர் பத்திரிகைகளுக்குக் கதை எழுதுகிறவள். என் மகளுக்கு அந்தக் கதைகள் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நடந்ததெல்லாம் நான் எழுதிய கதையை நானே நம்பியதால் வந்த வினை.

என் கணவருக்கு அலிப்பூரில் உள்ள ஒரு மத்திய அரசு அலுவலகத்துக்கு மாற்றலாகி நாங்கள் கல்கத்தாவுக்கு வந்தபோது அவளுக்கு நான்கு வயது. இப்போது பதினொன்று. வீட்டுத் தமிழ் நன்றாகப் பேசுவாள். எழுத்துக் கூட்டி ஒரு பத்தி படித்து முடிப்பதற்குள் எனக்குக் கொட்டாவி வந்துவிடும். கோபம் வந்தால் வங்காளிதான். லேக் மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் வீடு. பள்ளி பாலிகஞ்ச் போகிற வழியில், நடந்தால் பன்னிரண்டு நிமிடம். காலையில் அவளோடு நானும் நடப்பேன். பள்ளி வாசலில் அவளை விட்டுவிட்டு, முனையில் ஆட்டோ பிடித்து வேலைக்குப் போவேன். ஒரு பதிப்பகத்தில் ஆங்கில ப்ரூஃப் திருத்துகிற வேலை. மதியம் அவள் சந்துப் பிள்ளைகளோடு நடந்து திரும்பிவிடுவாள். நான் வீட்டுக்கு வர மாலை ஆறாகும்.

அந்த நாய் போன மழைக்காலத்தில் எங்களோடு சேர்ந்துகொண்டது. செம்மண் நிறம், வால் நுனியில் மட்டும் வெள்ளை. எங்கள் சந்தில் ஒவ்வொரு வீட்டுக்காரரும் அதை ஒவ்வொரு பெயரால் கூப்பிடுவார்கள், அதுவும் பாரபட்சமில்லாமல் எல்லாவற்றுக்கும் வாலாட்டும். என் மகள் மட்டும் பெயரே வைக்கவில்லை. "ஏய்" என்பாள். வந்துவிடும்.

ஒரு நாள் காலையில் சந்து முனை மிட்டாய்க் கடை வரை வந்தது. மறுநாள் அதையும் தாண்டி கராஜ் வரை. அந்த வாரம் முடிவதற்குள் பள்ளி வாசல் வரை வந்து, அவள் உள்ளே போனதும் இரும்புக் கதவுக்குப் பக்கத்தில் தூணோடு ஒட்டி உட்கார்ந்துகொண்டது. நான் ஆட்டோவில் ஏறித் திரும்பிப் பார்த்தேன். அப்படியே உட்கார்ந்திருந்தது. தர்வான் காக்கு, அதாவது பள்ளிக் காவல்காரர், மறுநாள் என்னிடம் சொன்னார் (பள்ளிக்கு வரும் எல்லா அம்மாக்களும் அவருக்கு மாஷிமா, அதாவது சித்தி): "மாஷிமா, உங்க நாய் நாள் முழுக்க இங்கேயேதான் இருந்துச்சு. ஸ்கூல் விட்டு பாப்பா வெளியே வந்ததும்தான் எழுந்துச்சு."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. எழுத்தாளர்களுக்கு இது ஒரு வியாதி. கண் கலங்கிய அடுத்த நிமிடமே கை பேனாவைத் தேடும்.

அப்போது சென்னைச் சிறுவர் பத்திரிகை ஒன்றின் ஆசிரியர் கதை கேட்டுக்கொண்டிருந்தார். ஒரே ஞாயிற்றுக்கிழமையில் எழுதி முடித்தேன். ஒரு சிறுமி, ஒரு தெருநாய். தினமும் அவளை வண்டிகளிலிருந்து காப்பாற்றி, சாலைப் பக்கமாகத் தான் நடந்து, பள்ளி வாசலில் விட்டுவிட்டு, மணி அடிக்கும் வரை அசையாமல் காவல் காக்கும் நாய். கடைசி வரியில் சிறுமி அதன் கழுத்தைக் கட்டிக்கொள்வாள். எனக்கே மிகவும் பிடித்திருந்தது. மகளை உட்கார வைத்து உரக்கப் படித்துக் காட்டினேன்.

அவள் இட்லியைத் தின்றுகொண்டே கேட்டாள். முடிந்ததும், "இது தப்பும்மா" என்றாள்.

"எது தப்பு?"

"அது ரோட்டுப் பக்கம் வரவே வராது. சுவத்துப் பக்கம்தான் வரும். நான்தான் ரோட்டுப் பக்கம்."

உண்மைதான். அதற்காக அந்த நாய் மேல் எனக்குக் கோபம்கூட உண்டு. குழந்தையைச் சாலை ஓரமாகத் தள்ளிவிட்டுத் தான் சுவரை உரசிக்கொண்டு நடக்கும். கதையில் அதைத் திருத்தியிருந்தேன்.

"கதைன்னா அப்படித்தான் கொஞ்சம் மாத்தணும்."

"அது காவல் எல்லாம் காக்கலம்மா. அது மாட்டிக்குது."

"எங்கே மாட்டிக்குது?"

தட்டில் சட்னியால் கோடு போட்டுக் காட்டினாள். இது நம் சந்து. இது மிட்டாய்க் கடை. இது கராஜ். கராஜ் வரைக்கும் ஒவ்வொரு விளக்குக் கம்பத்திலும் காலைத் தூக்கும். கராஜைத் தாண்டினால் ஒரு கம்பத்தைக்கூடத் தொடாது. ஏனென்றால் அங்கிருந்து பள்ளி வரைக்கும் கராஜ் நாய்களின் இடம். நான்கு நாய்கள். தனியாக இவன் அந்தப் பக்கம் போனால் அவை கிழித்துவிடும். மனிதர்களோடு ஒட்டி நடந்தால் குரைக்கும், விறைத்துக்கொண்டு எழுந்து நிற்கும், கிட்டே வராது. "என்கூட வர்றான், வந்துடறான். நான் உள்ளே போயிட்டா அப்புறம் எப்படித் திரும்பிப் போவான்? அதான் உக்காந்திருக்கான். நான்தான் அவனைக் கூட்டிட்டுப் போறேன், அவன் என்னை இல்ல."

"பின்னே எதுக்கு தினமும் வருதாம்?"

அவள் சட்னிக் கோட்டை விரலால் அழித்தாள். "கேட்கிட்ட டிபன் பாக்ஸ்லேர்ந்து கொஞ்சம் போடுவேன். என் ஃப்ரெண்ட்ஸும் பிஸ்கெட் போடுவாங்க. அப்புறம்... என்னைப் பிடிக்கும்."

நான் சிரித்தேன். நாய் ஒன்றுக்குப் போகாததை எல்லாம் சிறுவர் பத்திரிகையில் எழுத முடியாது என்று சொல்லி, கதையை அப்படியே அனுப்பிவிட்டேன். பதினொரு வயதுப் பெண் சொல்வதைக் கேட்டு நல்ல கதையைக் கெடுத்துக்கொள்ள நான் தயாராக இல்லை. கேட்டிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

துர்கா பூஜை விடுமுறைக்கு முந்தைய வாரம், திங்கட்கிழமை. மகள் உள்ளே போய்விட்டாள். ஆட்டோவுக்காக முனையில் நின்றுகொண்டிருந்தேன். ஒரு வேன் வந்து பள்ளிச் சுவரோரம் நின்றது. தெருநாய்களுக்குக் கருத்தடை செய்கிறவர்கள். இருவர் இறங்கினார்கள், ஒருவர் கையில் வலை. கராஜ் நாய்கள் அவர்களைப் பார்த்ததும் எழுந்துகொண்டன. அவர்கள் அவற்றைச் சட்டை செய்யவில்லை. நான்கின் காதிலும் நுனி வெட்டியிருந்தது. ஏற்கனவே அறுவை முடிந்த நாய் என்பதற்கு அதுதான் அடையாளம், தூரத்திலிருந்தே தெரியும். எங்கள் நாயின் காதுகள் இரண்டும் முழுசாக இருந்தன.

தூணோரம் ஒண்டி உட்கார்ந்திருந்ததால் அதைப் பிடிப்பது சுலபமாகப் போயிற்று. வலை விழுந்தது, ஒரு முறை கத்தியது, கூண்டுக்குள் போய்விட்டது. நான் ஓடினேன். அந்த ஆள் பொறுமைசாலி. என்னை அக்கா முறை வைத்து, கவலைப்பட வேண்டாம் தீதி என்றார். அறுவை, வெறிநாய்த் தடுப்பூசி, தையல் ஆறும் வரை கூண்டில் வைத்திருந்து பார்ப்பார்கள், ஆறாம் நாள் திரும்ப விட்டுவிடுவார்கள். கழுத்தில் எண் எழுதிய பட்டை ஒன்றை மாட்டினார். பிறகு ஒரு நோட்டை விரித்துக்கொண்டு கேட்டார்:

"இது எந்த இடத்து நாய்?"

"இங்கேதான்" என்றேன்.

"சரியாச் சொல்லுங்க. பிடிச்ச இடம்னு எழுதறதைவிட அது வாழற இடம்தான் எங்களுக்கு முக்கியம். இடம் மாத்தி விட்டா மத்த நாய்ங்க விடாது. இந்த ஸ்கூல் வாசல்தானா?"

இரண்டாவது முறையாகக் கேட்டார். அவர் கேட்ட கேள்வியிலேயே பதில் இருந்தது. நான் என்ன செய்தேன் தெரியுமா? குரல் தழுதழுக்க, "நாள் முழுக்க இந்த வாசலைவிட்டு நகராது. என் பொண்ணுக்காகக் காத்திருக்கும்" என்றேன். அவரும் நெகிழ்ந்துபோய்ப் பள்ளியின் முகவரியை எழுதிக்கொண்டார். ஒரு நல்ல காரியம் செய்த திருப்தியோடு ஆட்டோவில் ஏறினேன்.

மாலையில் வீட்டுக்கு வந்தபோது மகள் வாசலிலேயே நின்றிருந்தாள். தர்வான் காக்கு அவளிடம் எல்லாம் சொல்லியிருந்தார்.

"எந்த இடம்னு சொன்னே?"

சொன்னேன். அவள் முகம் போன போக்கைப் பார்த்ததும்தான் எனக்கு உறைத்தது. முதலில் வங்காளியில் ஏதோ கத்தினாள், பிறகு தமிழுக்கு வந்தாள்.

"திங்களிலேர்ந்து ஆறாம் நாள் சனிக்கிழமைம்மா. வெள்ளிக்கிழமையோட ஸ்கூல் மூடிடும். கேட்ல யாரும் இருக்க மாட்டாங்க. நானும் இருக்க மாட்டேன். அவனை அங்கே கொண்டுபோய் விட்டா எப்படி வருவான்? கராஜைத் தாண்டி எப்படி வருவான்? நான் அன்னைக்கே சொன்னேனே, மாட்டிக்குதுன்னு சொன்னேனே!"

சொன்னாள்தான். சட்னியால் படம் போட்டுச் சொன்னாள்.

வேனின் பக்கவாட்டில் எழுதியிருந்த போன் எண்ணைத் தர்வான் காக்கு குறித்து வைத்திருந்தார். மறுநாள் போன் செய்தேன். அதே ஆள்தான் எடுத்தார். நாய் நன்றாக இருக்கிறது என்றார். இடத்தை மாற்றி எழுதச் சொன்னதும் அவர் குரல் மாறியது.

"தீதி, தப்பா நினைக்காதீங்க. போன்ல இடம் மாத்தறதில்ல. நாய் வேண்டாதவங்க எல்லாரும் இப்படித்தான் போன் பண்ணி, அது இந்தத் தெரு நாய் இல்ல, வேற தெருவுல விடுங்கன்னு சொல்வாங்க. யார் நிஜம் சொல்றாங்கன்னு எங்களுக்கு எப்படித் தெரியும்? சனிக்கிழமை காலையில வேன் வரும்போது வாசல்ல நில்லுங்க. உங்க கையில ஒப்படைச்சிட்டுப் போறோம்."

நியாயமான பேச்சு. நேற்று நெகிழ்ந்துபோய்ப் பேசியவள் இன்று வேறு பேசினால் யார் நம்புவார்கள்? காலையில் என்றால் எத்தனை மணிக்கு என்று கேட்டேன். சீக்கிரமே வருவோம் என்றார். ஆறு மணி என்று நானாக முடிவு செய்துகொண்டேன்.

அந்த நாலு நாளும் மகள் என்னோடு அளந்துதான் பேசினாள். காலையில் நடக்கும்போது சுவர்ப் பக்கம் காலியாக இருந்தது, இருந்தும் அவள் சாலைப் பக்கமாகவே நடந்தாள். உள்ளே தள்ளி வா என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கராஜைத் தாண்டும்போது நான்கு நாய்களும் எங்கே படுத்திருக்கின்றன என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தாள். எனக்குப் பயமாக இருந்தது. ஒரு நாய்க்காக இல்லை, வெளிப்படையாகவே சொல்கிறேன், இவள் இனி என்னை நம்புவாளா என்கிற பயம்.

சனிக்கிழமை ஆறுக்கு முன்பே கிளம்பினோம். பள்ளிச் சாலையில் பூஜைப் பந்தலுக்கு மூங்கில் தடுப்புகள் கட்டிவிட்டிருந்தார்கள். ஒரு லாரியிலிருந்து விளக்குச் சரங்களை இறக்கிக்கொண்டிருந்தார்கள். பள்ளி வாசலில் வேன் இல்லை. பள்ளிக்குள்ளேயே தங்கியிருக்கும் தர்வான் காக்கு உள்ளேயிருந்து பல்குச்சியோடு வந்தார்.

"அஞ்சு மணிக்கே வந்துட்டுப் போயிட்டாங்க மாஷிமா. அப்புறம் ரோட்டை மூடிடுவாங்கன்னு அவசரம். யாராவது வருவாங்கன்னு பத்து நிமிஷம் காத்திருந்து பார்த்தாங்க."

நாய் எங்கே என்று அவள் கேட்கவில்லை. கை நீட்டினாள். தெருவின் அந்தப் பக்கம், கராஜ் நாய்களில் மூன்று வரிசையாகப் படுத்திருந்தன. மூன்றும் ஒரே இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தன. பள்ளிச் சுவரும் பந்தல் மூங்கிலும் சேருகிற மூலையில், ஒரு கை அகல இடுக்கில், எங்கள் நாய் முதுகைச் சுவரில் அழுத்திக்கொண்டு நின்றது. உட்காரக்கூட இல்லை. வால் வயிற்றுக்கடியில் போயிருந்தது. ஒரு காதின் நுனி இல்லை. பின்தொடையில் ரத்தம் கசிந்திருந்தது, அது அறுவைக் காயம் இல்லை.

காத்திருப்பது என்று நான் அழகாக எழுதியிருந்தேனே, அது இதுதான். ஒரு மணி நேரமாக அந்த இடுக்கில் நின்று, மூன்று நாய்களையும் ஒரே நேரத்தில் பார்த்துக்கொண்டிருப்பது.

நான் ஓடப் போனேன். மகள் என் புடவையைப் பிடித்து இழுத்தாள்.

"ஓடாதே. ஓடினா அதுங்களும் ஓடும். அதுங்க கண்ணைப் பார்க்காதே. மெதுவா வா."

பள்ளிக்குப் போவது போலவே நடந்தாள். இடுக்கின் முன்னால் போய், நாய்க்கும் தெருவுக்கும் நடுவில் நின்றுகொண்டாள். குனியவில்லை, கொஞ்சவில்லை. "ஏய்" என்றாள். அது ஓர் அடி எடுத்து வைத்தது. அவள் காலோடு உடம்பை ஒட்டிக்கொண்டது. சுவர்ப் பக்கம்.

"அம்மா, நீ பின்னாடி வா. அதுங்க முன்னாடி வராது, பின்னாடியிருந்துதான் வரும்."

பின்னால் நடந்தேன். என் வாழ்க்கையில் அவ்வளவு ஒழுங்காக நான் யார் சொன்னதையும் கேட்டதில்லை. மூன்று நாய்களும் எழுந்தன. நான்காவது, அவற்றில் பெரியது, கராஜ் கதவடியிலிருந்து வந்து சேர்ந்துகொண்டது. முதுகு ரோமம் சிலிர்த்து, கால்களை விறைத்துக்கொண்டு, எனக்கு ஐந்தடி பின்னால் வந்தன. குரைப்பு என் பிடரியில் பட்டது. கையில் குடைகூட இல்லை. மகள் வேகத்தைக் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. கராஜ் சுவர் முடிகிற இடத்தில் குரைப்பு மெல்ல நின்றது. நான் மெதுவாகத் தலையைத் திருப்பினேன். நான்கும் அங்கேயே, யாரோ கோடு கிழித்து நிறுத்தியதுபோல நின்றுவிட்டிருந்தன.

சந்துக்கு வந்ததும் அவள் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். நாய் அவள் மடியில் முகத்தை வைத்தது. நான் பக்கத்தில் உட்கார்ந்து, "நான் சொன்னது தப்புடா கண்ணு. உன்னைக் கேட்டிருக்கணும்" என்றேன். அவள் நாயின் காதை வருடிக்கொண்டே, "ம்" என்றாள். அந்த ஒரு எழுத்துக்கு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். அன்றைக்கே கால்நடை மருத்துவரிடம் காட்டினோம். கடிகாயம் ஆழமில்லை, தையலும் பிரியவில்லை. ஊரே பந்தல் பந்தலாக அலைந்த பூஜை நாள்களில் நாங்கள் சந்திலேயே கிடந்தோம்.

பத்திரிகை ஆசிரியருக்குப் போன் செய்து கதையை நிறுத்தி வைக்கச் சொன்னேன். நடந்ததைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "மேடம், இதுல நாய் பயந்துக்குதே, குழந்தைங்களுக்கு என்ன சொல்ல வர்றோம்?" என்றார். பழைய கதையே அச்சாகிவிட்டது. படத்தில் நாய் சாலைப் பக்கம் கம்பீரமாக நடக்கிறது. அந்த இதழை நான் வீட்டில் வைத்துக்கொள்ளவில்லை.

விடுமுறை முடிந்து பள்ளி திறப்பதற்கு முதல் நாள் மகள் என்னிடம் வந்தாள். ஏற்கனவே எல்லாம் யோசித்து முடித்திருந்தாள்.

"இனிமே அவனைக் கூட்டிட்டுப் போக மாட்டேன். என்னாலதான் நாள் பூரா தண்ணிகூட இல்லாம அங்கே நிக்கறான். கேட்ல யாரும் எதுவும் போடக்கூடாதுன்னு ஃப்ரெண்ட்ஸுக்கும் சொல்லிட்டேன். மிட்டாய்க் கடைகிட்டயே, தினமும் அதே நேரத்துக்குச் சாப்பாடு வைப்பேன். அது அவன் இடம். சாப்பிட்டுட்டு இருக்கும்போது நாம போயிடணும்."

"உனக்குக் கஷ்டமா இருக்காதா?"

"இருக்கும்" என்றாள்.

மறுநாள் காலை மிட்டாய்க் கடைக்குப் பக்கத்தில், பழைய அலுமினியத் தட்டில், சோறும் மீன் தலையும் வைத்தாள். சைவ வீட்டில் மீன் தலை எப்படி வந்தது என்று நான் கேட்கவில்லை. நாய் தின்னத் தொடங்கியதும் நடக்க ஆரம்பித்தோம். முப்பது அடிகூடப் போயிருக்க மாட்டோம், தட்டு உருளும் ஓசை கேட்டது. பிறகு நகங்கள் தரையில் படுகிற சின்னச் சத்தம். பக்கத்தில் வந்து அவள் காலோடு ஒட்டப் பார்த்தது. அவள் சுவரை இடித்துக்கொண்டு நடந்தாள். அதற்கு இடம் விடவில்லை. "ஏய்" என்று சொல்லவில்லை. கீழே பார்க்கவில்லை.

கராஜ் சுவர் தொடங்கும் இடத்தில் நகச் சத்தம் நின்றது. முதலில் ஒரு முனகல், பிறகு கூப்பிடுவது போல ஒரு குரைப்பு.

என் கழுத்து தானாகத் திரும்பப் போனது. மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் விரல்கள் சில்லென்று இருந்தன.

"பார்க்காதேம்மா. பார்த்தா வந்துடும்."

இன்னொரு முறை குரைத்தது. நாங்கள் இரண்டு பேரும் அழுதுகொண்டே பள்ளி வரை நடந்தோம், திரும்பிப் பார்க்காமல்.